புதியவர் சேர்ந்தார் என்று யார் எழுதுவது, எவ்வளவு எழுதுவது

சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கிழங்குப் பரிசோதனைக்குப் புதிதாக ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மரவள்ளிக்கு எடையோடு மாவுச்சத்துப் பாயிண்டையும் பார்த்துத்தான் விலை போடுவார்கள். ஆகவே அவர் எழுதிக்கொடுக்கும் எண்ணை நம்பித்தான் கணக்கர் பணம் போடுவார். பாயிண்ட் குறைந்துவிட்டது என்று விவசாயி சண்டைக்கு வந்தால் கொள்முதல் மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும். இவர் வந்ததை எல்லோருக்கும் மின்னஞ்சலில் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. முதலாளி பெயரில் படிப்பு, பட்டம், ‘நம் குடும்பத்தில் ஒருவர்’ என்றெல்லாம் விரித்து ஒரு பக்கம் எழுதலாம். அல்லது அவரோடு தினமும் வேலை பார்க்கப்போகும் கொள்முதல் மேலாளர் ஏழெட்டு வரி எழுதலாம். இரண்டாவதே சரி என்பது என் கட்சி. கடிதம் படித்தவர் நாளைக்கு எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்பது கூட வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

பொருள்: கிழங்குப் பரிசோதனைக்கு இன்று முதல் இன்னார்

அனைவருக்கும் வணக்கம். இன்னார் இன்று காலை பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருக்கிறார். இதற்குமுன் ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் மூன்று சீசன் இதே வேலையைப் பார்த்தவர். இனி பாயிண்ட் சீட்டில் இவர் கையெழுத்து இருக்கும். சந்தேகம் வந்தால் லாரி கிளம்பும் முன்பே இவரைக் கேளுங்கள். இதுவரை தன் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்த்த ஸ்டோர் கீப்பருக்கு நன்றி. இன்னார் எடைமேடைக்கு எதிர் அறையில் இருப்பார். அந்தப் பக்கம் போகும்போது ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

இதில் ‘மகிழ்ச்சி’, ‘பெருமை’ என்ற சொற்களே இல்லை. ஆனாலும் வறட்டுச் சுற்றறிக்கை போலவும் இல்லை. இதுவரை சுமை சுமந்தவருக்கு ஒரு நன்றி, புதியவரிடம் போய்ப் பேச ஒரு சாக்கு: கனிவு அந்த இரண்டு வரியில் வந்துவிடுகிறது. பாராட்டை இன்னும் கூட்டினால் புதியவருக்குத்தான் சங்கடம். வந்த முதல் நாளே அவர் நிரூபிக்க வேண்டிய கடன் ஏறிவிடும். கடிதம் வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பதும் எளிது. மறுநாள் எடைமேடையில் “சீட்டில் யார் கையெழுத்து இது?” என்று கேள்வி வந்தால், எழுதியது போதவில்லை.

முதலாளி எழுதினால்தானே மரியாதை என்று கேட்கலாம். அது யாருடைய வேலை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 2014 பிப்ரவரி 4 அன்று மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொறுப்புக்கு ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா வந்தபோது, விலகும் தலைவர் ஸ்டீவ் பால்மர் ஊழியர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அன்று மாறியது நிறுவனம் முழுவதன் தலைமை. ஆகவே பால்மர்தான் அதைச் சொல்ல வேண்டும். பரிசோதனைக் கூடத்து ஆள் வந்தால் மாறுவது மூன்று நான்கு மேசைகளின் வேலை மட்டும்.

அதே நாளில் நாதெள்ளாவும் ஊழியர்களுக்குத் தனியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் வயது 46, மூன்று பிள்ளைகள், படித்து முடிக்கும் அளவைவிட அதிகமாகப் புத்தகம் வாங்கும் பழக்கம் எல்லாம் அதில் உண்டு. சொந்த விஷயம் சேர்த்தால்தான் நெருக்கம் வரும் என்பவர்கள் இதைக் காட்டலாம். ஆனால் அவற்றைச் சொன்னது அவரேதான். பால்மர் அவருக்காகச் சொல்லவில்லை. இன்னொருவர் எழுதும்போது இந்தச் சுதந்திரம் கிடையாது. அதிலும் நம் பக்கத்தில் ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்ற விசாரிப்பு பெரும்பாலும் சாதியில் போய்த்தான் நிற்கும். ஊர், தகப்பனார் பெயர், கல்யாணம் ஆனதா என்பதையெல்லாம் விட்டுவிட வேண்டும். பொழுதுபோக்கு பற்றி ஒரு வரி வேண்டுமானால் அவரிடமே கேட்டு, எழுதியதைக் காட்டிவிட்டு அனுப்பலாம். அனுப்புவதும் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். சேருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வராமல் போவது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

குழுவின் சாதனை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே முதல் வரியில் வர வேண்டியது நடந்த காரியம்: எது எவ்வளவாக இருந்தது, இப்போது எவ்வளவு. அடுத்தது பெயர்கள். ‘குழுவின் உழைப்பால்’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் மனவருத்தம் வராது என்று நினைப்பார்கள். ஆனால் ராத்திரி ஷிப்டில் இயந்திரத்தைச் சரிசெய்த ஃபிட்டர் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போவார், கூட்டத்தில் பேசிய மேலாளர் மட்டும் நினைவில் நிற்பார். பத்துப் பேர் வரை என்றால் எல்லாப் பெயரும், யார் என்ன செய்தார் என்ற குறிப்போடு வரலாம். அதற்கு மேல் போனால் பிரிவு வாரியாகச் சொல்லி, முழுப் பட்டியலைக் கடிதத்தின் அடியில் வைக்கலாம். பெறுநர்களை BCC-யில் போட்டுவிட்டால் ‘வாழ்த்துகள்’ என்ற பதில் அனுப்புநரோடு நின்றுவிடும். பெயருக்குரியவர்களை மட்டும் To-வில் வைத்தால், Reply all கொடுப்பவரின் வாழ்த்து அவர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆலையில் கிழங்கு கழுவுபவர்களுக்கும் களத்தில் காயவைப்பவர்களுக்கும் அலுவலக மின்னஞ்சல் இருக்காது. எல்லோருக்கும் சொன்னதாக நினைத்துப் பாதிப் பேரை விட்டுவிடும் இடம் இதுதான். அதே வரிகளை அச்சிட்டு வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதோடு, ஷிப்ட் மாறும் நேரத்தில் மேஸ்திரி ஒருமுறை வாசித்தும் சொல்லலாம். ஏழெட்டு வரி என்றால் வாசிக்க முடியும். ஒரு பக்கம் என்றால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள்.