முதிர்ந்த பத்திரமும் மறையும் பணமும்

கேள்வி: வட்டியை உயர்த்தினாலே போதுமே, அமெரிக்க மத்திய வங்கி தன் பத்திரக் கையிருப்பையும் ஏன் குறைத்தது?
- வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: வட்டி உயர்வு, ஓரிரவுக் கடனின் விலையை மாற்றுகிறது. நம் ரிசர்வ் வங்கி 2022 மே முதல் ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியதும் அதுதான். கையிருப்புக் குறைப்பு, பணத்தின் அளவையே தொடுகிறது.

2022 ஜூனில் கையிருப்பைக் குறைக்கத் தொடங்கிய ஃபெடரல் ரிசர்வ், பத்திரங்களைச் சந்தையில் விற்கவில்லை. முதிர்ந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்காமல் விட்டது. செப்டம்பர் முதல் மாத உச்சவரம்பு 9,500 கோடி டாலர். பத்திரம் முதிர்ந்ததும் அரசு அசலைத் திருப்பித் தர, அந்தப் பணம் மறைந்துவிடும். அரசு மீண்டும் கடன் வாங்கும்போது பத்திரத்தை வாங்குவது தனியார். அவர்களுடைய வங்கிகளின் இருப்பு அந்த அளவுக்குக் குறையும். தனியார் தலையில் கூடுதல் பத்திரம் விழுவதால் நீண்டகால வட்டியும் மெல்ல ஏறக்கூடும்.

வங்கிகளுக்கு எவ்வளவு இருப்பு போதும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாததுதான் உண்மையான ஆபத்து. முந்தைய கையிருப்புக் குறைப்புச் சுற்றுக்குப் பின், 2019 செப்டம்பரில், கொள்கை வட்டியின் மேல்வரம்பு 2.25 சதவீதமாக இருக்க, ஓரிரவு ரெப்போ வட்டி 10 சதவீதத்தை நெருங்கியது. ஃபெட் அவசரமாகப் பணம் இறக்கியது. அதனால் இம்முறை 2024 ஜூனிலேயே வேகத்தைக் குறைத்து, 2025 டிசம்பர் 1-இல் நிறுத்திவிட்டார்கள்.