பிள்ளைச்சாவடிக் கடலை ஏனாமிலும் மாஹேயிலும் கேட்க வைப்பது

புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு ஒரு வினோதம் உண்டு. ஒரே அரசு, ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேச, ஏனாம் தெலுங்கும் மாஹே மலையாளமும் பேசுகின்றன. நான்குமே கடலையோ கடலைத் தொடும் ஆற்றையோ ஒட்டிய ஊர்கள். ஆகவே பிள்ளைச்சாவடியில் எடுத்த ஒரு தமிழ்க் காணொளிக்கு, வேறு மொழி பேசும் பார்வையாளர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடலரிப்பைப் பற்றி அங்கே ஆறு நிமிடக் காணொளி ஒன்று எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்பதுகளின் இறுதியில் புதுச்சேரித் துறைமுக வாயிலில் அலைதடுப்புச் சுவர்கள் எழும்பின. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றின் தெற்கிலேயே தேங்கியது. வடக்கில் உள்ள கரைகள் மணல் வரத்து இல்லாமல் அரிபட்டன. அந்த அரிப்பு பிள்ளைச்சாவடியின் படகுத் துறைவரை வந்த கதையை ஒரு வர்ணனைக் குரலும் மூன்று மீனவர்களின் பேட்டியும் சொல்கின்றன. இதற்குத் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஒலி சேர்ப்பது எப்படி என்பதே கேள்வி. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைத்தால் போதும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். டப்பிங் கெடுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் அல்ல, ஒலிகளைப் பிரித்து வைக்காததிலும் நேரத்தை அளக்காததிலும்தான்.

முதல் வேலை தமிழ்ப் பிரதியின் எடிட்டிங் கோப்பில் இருக்கிறது. அதில் வர்ணனை ஒரு தடத்திலும், பேட்டிக் குரல்கள் இன்னொன்றிலும், அலையோசையும் காற்றும் மூன்றாவதிலும், இசை நான்காவதிலும் இருக்க வேண்டும். வர்ணனையை மட்டும் ஊமையாக்கிவிட்டு மற்றவற்றைத் தனித்தனி ஒலிக்கோப்புகளாக, முதல் பிரேமிலிருந்து கடைசி பிரேம்வரை ஒரே நீளத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக வெளியே எடுங்கள். குரல் போக எஞ்சும் இசை, ஓசைத் தொகுப்பைத் திரைப்படக்காரர்கள் எம் அண்ட் ஈ தடம் என்பார்கள். அது இல்லாமல் முடிந்த காணொளியை மட்டும் கையில் வைத்திருந்தால், தமிழ்க் குரலை நீக்கும்போது அதனோடு கலந்த அலையோசையும் போய்விடும். குரலை மட்டும் உருவியெடுக்கும் மென்பொருள்கள் அமைதியான அறையில் பேசிய பேச்சுக்கு ஓரளவு உதவும். அலை என்பது தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பரவிய இரைச்சல், மனிதக் குரலும் அதற்குள்ளேயே அடங்கும். அதனால் குரலை எடுத்த இடங்களில் கடல் விட்டு விட்டு ஒலிக்கும். தடங்களைத் தொலைத்தவர்களுக்கு நேர்மையான வழி ஒன்றுதான். அதே கரைக்குப் போய், ஆள் பேச்சு இல்லாத நேரத்தில், படகு எஞ்சின் ஓசைகளையும் சேர்த்துச் சில நிமிட அலையோசையைப் பதிந்துவந்து, பின்னணியைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அடுத்தது தாள். நேரம் தொடங்கும் இடம், முடியும் இடம், பேசுபவர், தமிழ் வரி, புதிய வரி என்று ஐந்து பத்திகள் இருந்தால் போதும். 1944இல் ஏவி.எம். கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்ட காலம் தொட்டு, இந்தத் தொழிலில் பேச்சைச் சிறு துண்டுகளாக வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பேசுவதே நடைமுறை. துண்டு பன்னிரண்டு விநாடிக்கு மேல் போகாமல் இருந்தால் பேசுபவருக்கும் எழுதுபவருக்கும் நல்லது. நம் காணொளியில் ஒரு துண்டு இப்படி வருகிறது: “நீங்கள் இப்போது பார்க்கும் இந்தக் கருங்கல் குவியல், கடல் ஊருக்குள் வராமல் தடுக்கக் கொட்டியது. கல் இருக்கும் இடத்தில் மணல் தங்குவதில்லை. படகை இழுத்து ஏற்ற இடமில்லை.” தமிழில் நிதானமாகச் சொல்ல பத்து விநாடி. இதன் தெலுங்கு வடிவத்தை வாய்விட்டுப் படிக்கும்போது பதின்மூன்று விநாடி வருகிறது என்றால், பேசுபவரை வேகமாகப் பேசச் சொல்வதும் பதிவை மென்பொருளில் சுருக்குவதும்தான் எல்லோரும் முதலில் செய்வது. இரண்டுமே வர்ணனையை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஆக்கிவிடும். வெட்ட வேண்டியது வரியை. படம் எதைக் காட்டுகிறதோ அதைக் குரல் சொல்ல வேண்டியதில்லை. “நீங்கள் இப்போது பார்க்கும் இந்த” என்பது முழுதாகப் போகலாம், கல் திரையிலேயே கிடக்கிறது. மணல் தங்காததையும் படகுக்கு இடமில்லாததையும் கண்ணால் பார்க்க முடியாது. இல்லாத ஒன்றைக் கேமரா காட்டாது, ஆகவே அந்த இரண்டும் எந்த மொழியிலும் போகக் கூடாது. இப்படி ஒவ்வொரு துண்டிலும் படம் சுமப்பது எது, குரல் மட்டுமே சுமப்பது எது என்று கோடு போட்ட தாளைத்தான் மொழிபெயர்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். வெறும் தமிழ் வசனத்தைக் கொடுத்தால், எதை வெட்டுவது என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. திரையில் தமிழில் எழுதிய தலைப்புகள், ஊர்ப்பெயர்கள், வரைபடக் குறிப்புகள் எல்லா மொழிப் பார்வையாளருக்கும் அப்படியே தெரியும், ஏனென்றால் மாறுவது ஒலி மட்டும்தான். துறைமுகத்தின் வரைபடத்தில் “தெற்கு: மணல் சேர்கிறது” என்று தமிழில் மட்டும் எழுதியிருந்தால், மாஹேக்காரருக்கு அது வெறும் கோடு. அந்தச் செய்தியை வர்ணனை வாய்விட்டுச் சொல்ல இடம் விட வேண்டும். தமிழ்ப் பிரதியைத் தொகுக்கும்போதே வரைபடத்தை மூன்று விநாடி கூடுதலாக நிறுத்தி வைப்பதுதான் மலிவான தீர்வு.

பேட்டிகளில் உதட்டசைவுக்கு ஏற்ப டப்பிங் செய்யலாமா? வேண்டாம் என்பது என் முடிவு. தொடக்கத்தில் மீனவரின் சொந்தக் குரல் இரண்டு விநாடி முழு ஒலியில் ஒலிக்கட்டும். பிறகு அதை 12 முதல் 15 டெசிபெல் தாழ்த்தி, மேலே தெலுங்குக் குரலை ஏற்றுங்கள். தெலுங்கு, அசல் பேச்சு முடிவதற்கு ஒரு விநாடி முன்னதாக முடிய வேண்டும், கடைசிச் சொற்களில் அசல் குரல் மறுபடி எழும்ப வேண்டும். இதற்கு வலுவான மறுப்பு உண்டு. டப்பிங் படங்களைப் பார்த்தே வளர்ந்த நம் மக்களுக்கு இரண்டு குரல் ஒன்றன் மேல் ஒன்று கேட்பது செய்தித் தொகுப்பு மாதிரி அந்நியமாகத் தோன்றாதா? கதைப் படத்துக்கு அது உண்மை. கதையில் பார்வையாளர் பாத்திரத்தை நம்ப வேண்டும், அதற்கு ஒரே குரல் வேண்டும். இங்கே அவர் நம்ப வேண்டியது ஒரு மனிதரின் சாட்சியத்தை. வீடு இழந்தவரின் வாயிலிருந்து ஸ்டுடியோக் குரல் ஒன்று துல்லியமாக உதடு பொருந்தி வந்தால், பேசியது அவர்தானா என்ற ஐயம் எழும். அசல் குரலின் தழுதழுப்பு அடியில் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த ஐயம் எழாது. உழைப்புக் கணக்கும் இதே பக்கம்தான். உதடு பொருத்த வேண்டுமானால் ப, ம போன்ற உதடு மூடும் ஒலிகள் எங்கே வருகின்றன என்று பார்த்து, அதே இடத்தில் அதே மாதிரி ஒலி விழும் சொல்லைத் தேட வேண்டும். சினிமாவின் டப்பிங் வசனகர்த்தாக்கள் அதற்கென்றே பழகியவர்கள்.

சப்டைட்டில் போட்டால் இவ்வளவும் தேவையில்லையே என்பது அடுத்த மறுப்பு. கைபேசியின் சிறு திரையில், வெயிலில், கைவேலைக்கு நடுவே பார்ப்பவருக்கு எழுத்தைப் படிப்பது எளிதல்ல. எழுத்தில் பழக்கம் குறைந்த பெரியவர்களுக்கு அது மூடிய கதவேதான். செவித்திறன் இல்லாதவருக்கு ஒலி உதவாது என்பதால் சப்டைட்டிலையும் கைவிடக் கூடாது. எப்படியும் தாளில் நேரமும் வரியும் தயாராக இருப்பதால், அதைக் கொஞ்சம் திருத்தினால் சப்டைட்டிலும் கிடைத்துவிடும்.

குரல் தேடுவது இந்த ஊரில் எளிது. பிள்ளைச்சாவடிக்கு அடுத்த காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து படிப்பவர்கள் உண்டு. முடிந்தால் கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கு பேசுபவரைத் தேர்ந்து, உரிய ஊதியம் கொடுங்கள். பதிவுக்கு ஸ்டுடியோ கட்டாயமில்லை. துணி அடைத்த பீரோ, கட்டில் மெத்தை, கனமான போர்வை உள்ள சிறிய அறையில், மின்விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மானியில் உச்ச ஒலி −12க்கும் −6க்கும் இடையில் நிற்கட்டும். ஆனால் கடல் கேட்கும் வீட்டில் பதிய வேண்டாம். வர்ணனையோடு பதிவாகும் அலை, பின்னணித் தடத்தின் அலையோடு சேர்ந்து, குரல் வரும்போதெல்லாம் கடல் பெருக்கெடுப்பது போலக் காட்டிவிடும்.

கலவை முடிந்ததும், தெலுங்கு ஒலி காணொளியின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைப் படத்தோடு ஓட்டிப் பார்க்கும்போது நழுவல் தெரிந்தால், அது எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகியிருந்தால் தொடங்கும் புள்ளி தவறு, ஒலியை நகர்த்தினால் போதும். தொடக்கம் சரியாகப் பொருந்தி, போகப்போக விலகினால், ஓட்ட வேகமே வேறு. கைபேசியில் எடுத்த படம் நிலையில்லாத பிரேம் வேகத்தில் இருக்கும், அல்லது ஒரு கோப்பு 24 பிரேமிலும் மற்றது 25இலும் இருக்கும். பின்னதானால் ஆறு நிமிடத்தில் பதினைந்து விநாடி அளவுக்கு விலகிவிடும். இதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, படத்தை நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டே தொடங்க வேண்டும்.

யூடியூபில் ஒரே காணொளிக்குப் பல ஒலித்தடங்கள் சேர்க்கும் வசதி 2023இல் சிலருக்குத் தொடங்கி, 2025இல் பரவலாகத் திறக்கப்பட்டது. ஸ்டுடியோவின் `Languages` பகுதியில் மொழியைச் சேர்த்து ஒலிக்கோப்பை ஏற்றலாம், தலைப்பையும் விவரக் குறிப்பையும் அந்த மொழியில் கொடுக்கலாம். பார்வையாளர் அமைப்புகளில் `Audio track` வழியாக மொழியை மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பார்வைகளும் பின்னூட்டங்களும் ஒரே இடத்தில் சேரும். ஆனால் ஏனாமின் படகுத் துறையில் காணொளி பரவப்போவது வாட்ஸாப்பில். அங்கே மொழி மாற்றும் பொத்தான் கிடையாது. அதற்குத் தெலுங்கு மட்டும் உள்ள தனிக் கோப்பு வேண்டும். படத்தை மறுபடி சுருக்காமல், ஒலியை மட்டும் மாற்ற இந்த வரி போதும்:

```
ffmpeg -i ta.mp4 -i te.wav -map 0:v -map 1:a -c:v copy -c:a aac -b:a 192k -metadata:s:a:0 language=tel te.mp4
```

மலையாளத்துக்கு `te` உள்ள இரண்டு இடங்களிலும் `ml` என்றும், `tel` உள்ள இடத்தில் `mal` என்றும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியிடும் முன் தமிழ் அறியாத தெலுங்கர் ஒருவரை அழைத்துக் கைபேசியிலேயே பார்க்கச் சொல்லுங்கள், ஹெட்போன் இல்லாமல். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். மணல் எந்தப் பக்கம் சேர்ந்தது, எந்தப் பக்கம் போனது, படகை ஏன் ஏற்ற முடியவில்லை என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் எந்தத் துண்டு என்பது தாளில் உடனே தெரியும். அந்தப் பத்து விநாடியை மட்டும், அதே ஆளை, அதே அறையில், அதே மைக்கை வைத்துத் திரும்பப் பேசவைத்து, ஒலிக் கலவையில் மாற்றிவிடலாம். தனித்தனித் தடங்களை நீக்காமல் வைத்திருந்தால் அது ஒரு மணி நேர வேலை.