டாக்கில் வைத்தும் டிவியில் படம் வரவில்லையா?

நின்டெண்டோ ஸ்விட்சை டாக்கில் செருகியும் டிவி கறுப்பாகவே இருந்தால், முதலில் சார்ஜரைப் பாருங்கள். டாக் வழியாகப் படம் போக 15 வோல்ட் மின்சாரம் வேண்டும். சாதாரண போன் சார்ஜர் பேட்டரியை ஏற்றும், படம் அனுப்பாது. பெட்டியோடு வந்த அடாப்டரையே போடுங்கள். (ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்கள் மெனக்கெட வேண்டாம், அதில் டிவி வசதியே கிடையாது.)

அடாப்டர் சரிதான் என்றால் எல்லா ஒயரையும் கழற்றுங்கள். அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் பிடுங்கி அரை நிமிடம் விடுங்கள். பிறகு டாக்கில் முதலில் மின்சாரம், அடுத்து எச்டிஎம்ஐ, கடைசியாகத்தான் கன்சோல். இந்த வரிசை முக்கியம். கன்சோல் திரை அணைந்து டாக்கின் முன்பக்கப் பச்சை விளக்கு எரிந்தால் படம் வெளியே போகிறது. பிறகும் டிவி கறுப்பு என்றால் ரிமோட்டில் எச்டிஎம்ஐ 1, 2 என மாற்றிப் பாருங்கள், கேபிளையும் மாற்றுங்கள். விளக்கே எரியாவிட்டால் கன்சோலை வெளியே எடுத்து, பவர் பட்டனைப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்து, மறுபடி ஆன் செய்து செருகுங்கள். பழைய டிவியானால் System Settings-இல் TV Output போய் TV Resolution-ஐ 720p ஆகக் குறைத்தும் பார்க்கலாம்.