லாக் வரைபடத்தில் வளைவைக் கவனியுங்கள்

வரைபடத்தின் இடது ஓரத்தில் 1,000, 10,000, 1,00,000 என எண்கள் சம இடைவெளியில் ஏறினால் அது லாக் அச்சு. அங்கே சம உயரம் என்றால் சம மடங்கு.

ஆந்திராவின் கொரோனாக் கணக்கைப் பாருங்கள். 2020 ஜூலை 27-இல் மாநிலத்தின் மொத்தத் தொற்று 1 லட்சத்தைத் தாண்டியது. 11 நாளில் 2 லட்சம், அடுத்த 11 நாளில் 3 லட்சம். சாதாரண அச்சில் இது ஏறக்குறைய நேர்கோடு. லாக் அச்சிலோ முதல் ஏற்றம் 10 மி.மீ. என்றால் இரண்டாவது சுமார் 6 மி.மீ.தான். கோடு வளைகிறது, அதாவது இரட்டிப்பாகும் வேகம் தணிகிறது.

ஆனால் நோயாளிகள் குறைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். இரண்டு தடவையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சம் பேர். எத்தனை படுக்கை தேவை என்று அறிய, தினசரி எண்ணிக்கையைச் சாதாரண அச்சில் பாருங்கள்.