சொன்ன வேலைக்குப் போக முடியவில்லை, எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இதைவிடப் பெரிய இன்னொரு கம்பெனிக்கு என் தாய்மாமா சிபாரிசு செய்தார். முதலாளியே நேரில் பேசி வேலை கொடுத்தார். வரும் முதல் தேதி சேர்கிறேன் என்று மெயிலில் சம்மதமும் அனுப்பிவிட்டேன். அசல் சான்றிதழ்களும் அங்கேதான் இருக்கின்றன. இதற்கிடையில், முன்பே விண்ணப்பித்திருந்த பெங்களூர் பையிங் ஆபீசிலிருந்து நல்ல சம்பளத்தில் வேலை வந்தது. ஒப்புக்கொண்டேன். இந்த முதலாளியைப் பகைத்துக்கொள்ளாமல் எப்படிக் கடிதம் எழுதுவது? உடல்நிலை சரியில்லை என்று எழுதிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உடல்நிலை, குடும்பச் சூழல் இரண்டும் வேண்டாம். பையிங் ஆபீஸ் என்றால் வெளிநாட்டு பையர்களுக்காகத் திருப்பூர் கம்பெனிகளிடம் ஆர்டர் கொடுத்து வாங்கும் இடம். இன்னும் ஆறு மாதத்தில் நீங்கள் சாம்பிள் பார்க்க வரும் கம்பெனிகளில் இதே முதலாளியின் கம்பெனியும் இருக்கலாம். அன்று உங்கள் விசிட்டிங் கார்டைக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு எந்தக் காய்ச்சல் கதையைச் சொல்வீர்கள்?

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பெங்களூர் வேலைக்கு ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வந்துவிட்டதா? சம்பளம், சேரும் தேதி, பதவி மூன்றும் அதில் இருக்கின்றனவா? போனில் ஓகே சொன்னதை மட்டும் நம்பி இங்கே மறுத்துவிட்டு, பிறகு இரண்டும் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. லெட்டர் வந்துவிட்டதென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏனென்றால் முதலாளிக்கு உண்மையான நஷ்டம் நாட்களில்தான். உங்களோடு நேர்காணலுக்கு வந்து இரண்டாவது இடத்தில் நின்ற ஒருவர் இருப்பார். இன்று சொன்னால் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். முப்பதாம் தேதி இரவு சொன்னால் அவர் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார், இங்கே மறுபடியும் ஆள் தேட வேண்டும். உங்களை நம்பி ஒரு பையரின் ஆர்டர்களை ஒதுக்கியிருக்கலாம். 'இனி இவர்தான் உங்கள் மெர்ச்சண்டைசர்' என்று அந்த பையருக்கு மெயிலே போயிருக்கலாம். கடிதம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தாமதமாக வந்தால் கோபம்தான் மிஞ்சும்.

கடிதத்துக்கு முன் இரண்டு போன் இருக்கிறது. முதலாவது மாமாவுக்கு. முதலாளி வாயிலிருந்து மாமா இதைக் கேட்கும்படி ஆகிவிட்டால் உறவு இரண்டு பக்கமும் கெடும். அடுத்தது முதலாளிக்கு. எச்.ஆர். வழியாகவோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல வேண்டாம். உங்களை உட்கார வைத்துப் பேசியவர் அவர். காலையில் பேக்டரிக்குள் நுழைந்ததும் அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து அழையுங்கள். இரண்டு நிமிடம் போதும். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் கடிதம் போய்விட வேண்டும்.

அவரோடு பேசியதெல்லாம் தமிழில்தான் என்றால் கடிதமும் தமிழிலேயே இருக்கட்டும். எச்.ஆருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி தனியாக அனுப்பினால் போதும். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இன்று தொலைபேசியில் சொன்னதை எழுத்திலும் தெரிவிக்கிறேன். தங்கள் நிறுவனத்தில் வரும் முதல் தேதி மெர்ச்சண்டைசராகச் சேர்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தப் பணியில் நான் சேரவில்லை. கொடுத்த வாக்கை மாற்றுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

பெங்களூரில் ஒரு பையிங் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. பையர் பக்கத்து வேலையையும் கற்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம் என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன். இது முழுக்க என் முடிவு. என்னைப் பரிந்துரைத்தவருக்கு இதில் பங்கில்லை.

நேர்காணலன்று தாங்களே உடன் வந்து சாம்பிள் பிரிவு முதல் பேக்கிங் வரை காட்டினீர்கள். துணியில் தெரியும் கோடு நிட்டிங்கில் வந்ததா, டையிங்கில் வந்ததா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். வேலைக்குச் சேராத ஒருவனுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

என் அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் உள்ளன. தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர்)"

'சேரவில்லை' என்ற சொல் மூன்றாவது வரியிலேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். 'தற்போதைய சூழ்நிலையில் சேர இயலுமா என்று தெரியவில்லை' என்பது போல எழுதினால் பேரம் பேசுகிறீர்கள் என்றுதான் அவர் நினைப்பார். மறுநாளே 'எவ்வளவு வேணும், சொல்லுங்க தம்பி' என்று போன் வரும். அப்படியும் வந்தால், 'பணத்துக்காக இல்லைங்க ஐயா, அங்கே வார்த்தை கொடுத்துட்டேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெங்களூர்ச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணைச் சொன்ன நிமிடமே பேரம் ஆரம்பித்துவிடும்.

நன்றி சொல்லும் பத்தியில் நான் எழுதியிருப்பது ஒரு மாதிரிதான். உங்களுக்கு உண்மையில் நடந்ததை அங்கே எழுதுங்கள். 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனம்' என்று யாரும் எழுதலாம், அதை அவர் படிக்கக்கூட மாட்டார். அன்று அவர் என்ன காட்டினார், என்ன சொன்னார் என்று நீங்கள் நினைவில் வைத்திருப்பதுதான் அவர் மனதைத் தொடும். 'எதிர்காலத்தில் வாய்ப்பிருந்தால் தங்களிடம் பணியாற்ற ஆவல்' என்ற வரியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒருமுறை வாக்கை மாற்றியவர் அதே மூச்சில் இன்னொரு வாக்குக் கொடுப்பது நன்றாக இருக்காது.

உங்கள் துறையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. குற்ற உணர்ச்சியில், 'அங்கே போனதும் உங்களுக்கு நல்ல ஆர்டர் பார்த்துத் தர்றேன்' என்று வாய் தவறிச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். புதிய முதலாளியின் ஆர்டரை நீங்கள் சேருமுன்பே பங்கு போட்டதாகிவிடும். அதேபோல், நேர்காணலில் இவரது பையர்கள் யார், ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன விலை போட்டார் என்பதெல்லாம் காதில் விழுந்திருக்கும். அதைப் பெங்களூரில் வாய் திறந்து சொல்லக் கூடாது. எவ்வளவு பணிவாகக் கடிதம் எழுதியிருந்தாலும், விலையைக் கசியவிட்டது நீங்கள்தான் என்று தெரிந்த அன்றே உறவு முடிந்துவிடும்.

சட்டப் பயம் பெரிதாக வேண்டாம். ஒருவரை இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தி நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர் தணிப்புச் சட்டப்படி அதற்கு இடமில்லை. ஆனாலும் அவர்கள் கொடுத்த கடிதத்தில், சேராமல் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். இருந்தால், போன் செய்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

சான்றிதழ் வாங்கப் போகும்போது முதலாளி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வரவேற்பறையில் கவரை வாங்கிக்கொண்டு நழுவிவிடாமல் உள்ளே போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வேலைக்குப் பொருத்தமான நண்பர் யாராவது இருந்து, அவரும் சம்மதித்தால், அப்போது நேரில் சொல்லலாம். பிறகு திருமுருகன்பூண்டியில் நடக்கும் நிட் ஃபேர் கண்காட்சியில் அவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் நீங்களே போய்ப் பேசுங்கள்.

மாமாவுக்கு இன்று இரவே போன் செய்துவிடுங்கள்.