காரைக்காலில் மாடி வீடா? அஸ்திவாரத்துக்கு முன்...

1. மனையில் இரண்டு இடத்திலாவது துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். அரசலாற்றுப் படுகையில் களியும் மணலும் சில அடிகளுக்குள்ளேயே மாறும்.

2. கோடையில் சோதித்தாலும், கார்த்திகை நீர்மட்டத்தை வைத்தே தாங்குதிறனைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஊறிய மண் பலம் இழக்கும்.

3. தனித்தனி ஃபுட்டிங்குகள் வீட்டுப் பரப்பில் பாதியைத் தாண்டினால், ஒரே பலகையாக ராஃப்ட் போடுங்கள். சுமை பரவுவதால் ஒரு மூலை மட்டும் இறங்கிச் சுவர் சாய்வாக வெடிப்பது குறையும். களி ஆழம்வரை குழைவாக இருந்தால் ராஃப்ட்டும் வீட்டோடு இறங்கும். அங்கே கெட்டி மணல்வரை பைல்தான்.

4. பைல் குழியில் தண்ணீர் நின்றால், குழாயை அடிவரை இறக்கிக் கான்கிரீட்டைக் கீழிருந்து நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் சிமெண்ட் பிரிந்துபோகும்.

5. பேஸ்மட்டத்தை அக்கம்பக்கத்தார் காட்டும் பழைய வெள்ளக் குறிக்கு இரண்டடி மேலே வையுங்கள். ராஃப்ட் வெள்ளத்தைத் தடுக்காது.