சிறுநீரில் அல்புமின்: நீரிழிவு நோயாளிகள் அறிய வேண்டிய ஒரு பரிசோதனை

உங்களுக்கு நீரிழிவு நோய் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சிறிய குப்பியில் சிறுநீர் கேட்பார்கள். அந்தப் பரிசோதனையின் பெயர் 'அல்புமின்–கிரியேட்டினின் விகிதம்'. அது எதைக் காட்டுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

அல்புமின் ஏன் கசிகிறது?

அல்புமின் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். சிறுநீரகத்தில் இருக்கும் நுண்ணிய வடிகட்டிகள் கழிவை வெளியேற்றி, அல்புமினை ரத்தத்திலேயே தங்க வைக்கின்றன. சர்க்கரை அளவு பல ஆண்டுகள் அதிகமாக இருந்தால், வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடி, அவற்றின் சுவர் பழுதடைகிறது. அப்போது அல்புமின் சிறிது சிறிதாகச் சிறுநீரில் கசியத் தொடங்கும்.

இந்த நிலையில் வலி இருக்காது, கால் வீங்காது. சிறுநீரில் நுரை தெரிவதென்றால் புரதம் பெரும்பாலும் அதிக அளவில் கசிய வேண்டும். ஆகவே நுரை இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று எண்ண வேண்டாம்.

கிரியேட்டினினையும் ஏன் அளக்கிறார்கள்?

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். அல்புமின் அளவு குறைவாகத் தெரியும். கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. சிறுநீர் நீர்த்தால் அதுவும் சேர்ந்து நீர்த்துவிடும்.

உதாரணமாக, ஒரு லிட்டர் சிறுநீரில் 48 மில்லிகிராம் அல்புமினும் 8 மில்லிமோல் கிரியேட்டினினும் இருந்தால், விகிதம் 6. அதே சிறுநீர் இரு மடங்கு நீர்த்தால் அவை 24, 4 என்று குறையும். விகிதம் அப்போதும் 6தான்.

முடிவை எப்படிப் படிப்பது?

அறிக்கையில் mg/mmol என்ற அளவு இருந்தால்:

• 3க்குக் கீழ்: இயல்பான அளவு
• 3 முதல் 30 வரை: கசிவு தொடங்கியுள்ளது
• 30க்கு மேல்: கசிவு அதிகம்

வெளிநாட்டில் எடுத்த அறிக்கையில் mg/g என்று இருக்கலாம். அதில் 30 என்பது இங்கே ஏறக்குறைய 3க்குச் சமம். எண்ணை ஒப்பிடும் முன் அளவைப் பாருங்கள்.

ஒரே ஒரு முடிவு போதுமா?

போதாது. 67 வயதுப் பெண்மணி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளன. முதல் பரிசோதனையில் விகிதம் 9. அன்று அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சி ஆகியவை விகிதத்தைத் தற்காலிகமாக உயர்த்தலாம். ஆகவே மருத்துவர் முதலில் தொற்றைக் குணப்படுத்தினார்.

பிறகு, காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். முடிவு 6. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தபோது 5. மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் எடுக்கும் மூன்று பரிசோதனைகளில் இரண்டிலாவது அளவு உயர்ந்திருந்தால்தான் கசிவு உறுதியாகும். இவருக்குத் தொற்று நீங்கிய பிறகும் இரண்டு முறை 3ஐத் தாண்டியதால், பாதிப்பு தொடங்கிவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்தார்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் ரத்தப் பரிசோதனையில் இவருடைய முடிவு இயல்பாகவே இருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் பாதிப்பு தெரிந்திருக்காது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, சிறுநீர் முடிவு இயல்பாக இருந்தும் வடிகட்டும் திறன் குறைந்திருக்கும். அதனால்தான் இரண்டு பரிசோதனைகளும் தேவைப்படுகின்றன.

அடுத்து என்ன செய்வார்கள்?

அந்தப் பெண்மணிக்கு மருத்துவர் லோசார்ட்டான் மாத்திரை கொடுத்தார். அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணிக்கும். இம்மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும் என்பதால், சில வாரங்களில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால், மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ உடனே கேளுங்கள். மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம்.

அடுத்த முறை மருந்தகம் செல்லும்போது, "என் அல்புமின் விகிதம் எவ்வளவு? போன முறை எவ்வளவு?" என்று கேட்டு, இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.